வாசல் நோட்டில் ஏழு வரிகள்

காரைக்காலில் ஓர் அலுவலகம். வாசலில் ஒரு மேஜை. மேஜை மேல் ஒரு நோட்டு. நூலில் கட்டிய ஒரு பேனா.

வருகிறவர் நோட்டில் பெயரை எழுதுகிறார். எத்தனை மணிக்கு வந்தார் என்று எழுதுகிறார். கையெழுத்துப் போடுகிறார். திரும்பிப் போகும்போது, போகிற நேரத்தை எழுத வேண்டும். அவசரத்தில் சிலர் மறந்துவிடுகிறார்கள்!

சாயங்காலம் அந்தத் தாளைச் செல்போனில் படம் பிடிக்கிறார்கள். படத்தைப் பார்த்துப் பெயர், வந்த நேரம், போன நேரம் என்று கம்ப்யூட்டரில் வரிசையாக ஏற்ற வேண்டும். பார்த்து எழுதுகிற வேலைதானே என்று தோன்றும். உட்கார்ந்து செய்தால்தான் அதன் சங்கடம் தெரியும்.

இப்படி ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். அதில் ஏழே வரிகள்தான் இருக்கின்றன. பெயர்கள் எல்லாம் உதாரணத்துக்குச் சொல்வது.

படம் முதலில்

படம் சரியாக இல்லாவிட்டால் பிறகு செய்கிற எதுவும் சரியாக இராது. தாளை மேஜையில் பரப்பி, நேர் மேலிருந்து பிடிக்க வேண்டும். சாய்வாகப் பிடித்தால் கோடுகள் சரியும். மூன்றாவது வரியின் நேரம் நான்காவது வரியில் இருப்பது போலத் தெரியும். காரைக்காலில் ஜன்னல் திறந்திருந்தால் கடற்காற்றில் தாள் படபடக்கும். நான்கு மூலையிலும் ஏதாவது பாரம் வைக்க வேண்டும். பாரம் எழுத்தை மறைக்கக் கூடாது. நான்கு மூலைகளும் படத்தில் விழ வேண்டும். மூலை விழாத படத்தில் கடைசி வரி போயிருந்தாலும் யாருக்கும் தெரியாது.

படம் வந்தவுடன் பெயரைப் படிக்க ஆரம்பிக்கக் கூடாது. முதலில் வரிகளை எண்ண வேண்டும். ஏழு வரி. அடித்துவிட்ட வரியும் ஒரு வரிதான். அந்த ஏழைத் தனியே குறித்து வைத்துக்கொண்டால், வேலை முடிந்த பிறகு கணக்குப் பார்க்க உதவும்.

புள்ளி செய்யும் வேலை

முதல் வரி, கா. முருகையன். வந்தது 9.30, போனது 10.10. தெளிவான எழுத்து. இங்கேயே ஒரு பள்ளம் காத்திருக்கிறது!

நம் ஊரில் மணியையும் நிமிஷத்தையும் புள்ளி வைத்துப் பிரிக்கிறோம். கம்ப்யூட்டர் கணக்குத் தாளில் 10.10 என்று அப்படியே தட்டினால், அது அதை நேரம் என்று எடுத்துக்கொள்ளாது. தசம எண் என்று நினைத்து, கடைசிப் பூஜ்யத்தை விழுங்கிவிட்டு 10.1 என்று காட்டும். பிறகு பார்ப்பவர் அதைப் பத்து மணி ஒரு நிமிஷம் என்று படிப்பார். ஒன்பது நிமிஷம் காணாமற் போய்விட்டது! ஆகவே புள்ளிக்குப் பதில் இரட்டைப் புள்ளி வைத்து 10:10 என்று தட்ட வேண்டும்.

இரண்டாவது வரி, அ. முகம்மது யூசுப். 9.45க்கு வந்து 11.20க்குப் போயிருக்கிறார். இதில் தொல்லை இல்லை.

பதினொன்றா, பதினேழா?

மூன்றாவது வரியில் ஒரு பெரியவர். சூ. சவரிநாதன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர் என்று வைத்துக்கொள்வோம்.

காரைக்கால் நெடுங்காலம் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த ஊர். 1954ஆம் ஆண்டு நவம்பர் 1ந் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ந் தேதி நடந்தது. ஆட்சி மாறினாலும், பள்ளியில் பழகிய கை மாறுவதில்லை.

பிரெஞ்சு முறையில் எழுதுகிறவர்கள் மணிக்கும் நிமிஷத்துக்கும் நடுவே புள்ளி வைக்காமல், 'h' என்ற எழுத்தைப் போடுவார்கள். மணி என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லின் முதல் எழுத்து அது. இன்னொன்று, 1 என்ற எண்ணை வெறும் கோடாகப் போடமாட்டார்கள். கீழேயிருந்து நீளமாக ஒரு கோடு ஏறி, பிறகு இறங்கும். பழகாத கண்ணுக்கு அது 7 போலவே தெரியும்.

பெரியவர் எழுதியது 11h10. போன நேரம் 11h45. பார்ப்பவர் கண்ணுக்கு 17h10, 17h45 என்று படுகிறது. 17 மணி என்றால் மாலை ஐந்து. அப்படி ஒரு மணி உண்டு. வந்த நேரத்துக்குப் பின்னால்தான் போன நேரமும் இருக்கிறது. அந்த வரியை மட்டும் பார்த்தால் ஒரு தவறும் தெரியாது!

மேலும் கீழும் பார்த்தால் தெரியும். வாசல் நோட்டில் வந்த நேரம் மேலிருந்து கீழே ஏறிக்கொண்டே போக வேண்டும். முன்னால் வந்தவர் முன்னால் எழுதுகிறார். இரண்டாவது வரி 9.45. நான்காவது வரி 11.30. இவற்றின் நடுவே மாலை ஐந்து மணி எப்படி வரும்? எங்கே ஏற்றம் முறிகிறதோ, அங்கே கண்ணை வைத்து மறுபடி படிக்க வேண்டும்.

இன்னொரு சாட்சியும் உண்டு. அப்படி எழுதுகிறவர்கள் பலர் 7 போடும்போது அதன் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு போடுவார்கள். இந்தத் தாளில் பெரியவர் போட்ட எண்களில் குறுக்குக் கோடு இல்லை. ஆகவே பதினொன்றுதான்.

ஆறு மணி நேரம் மாறினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். 2020ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது, கடை வாசலிலும் அலுவலக வாசலிலும் பெயரும் நேரமும் எழுதி வாங்கியது நினைவிருக்கும். நோய் கண்டவர் உள்ளே இருந்தபோது வேறு யார் இருந்தார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் அது. இந்தத் தாளின்படி பெரியவரும் யூசுப்பும் 11.10 முதல் 11.20 வரை பத்து நிமிஷம் ஒரே கட்டடத்தில் இருந்திருக்கிறார்கள். 17 என்று ஏற்றினால், பெரியவர் அன்று யூசுப்போடு இருக்கவில்லை என்று ஆகிவிடும்.

போகாதவர் யார்?

நான்காவது வரி இலட்சுமி. ஐந்தாவது வரி செல்வி. இருவரும் சேர்ந்து வந்திருக்கிறார்கள். இலட்சுமி வந்த நேரம் 11.30. செல்வி நேரத்தை எழுதாமல், மேலே உள்ளதுதான் என்று இரண்டு சிறு கோடு இழுத்துவிட்டார். தாளில் அது போதும். கம்ப்யூட்டரில் போதாது. பெயர் வரிசைப்படி மாற்றி அடுக்கினால், செல்விக்கு மேலே வேறு யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் 11:30 என்று முழுதாக எழுதி, தாளில் இருந்தது மேற்படிக் குறிதான் என்று பக்கத்தில் குறிக்க வேண்டும்.

செல்வி போனது 12.15. இலட்சுமி போன நேரம் எழுதவே இல்லை. கட்டம் காலி.

கை துறுதுறுக்கும். சேர்ந்து வந்தார்கள், சேர்ந்துதான் போயிருப்பார்கள், 12:15 என்று போட்டுவிடலாமே என்று தோன்றும். போடக்கூடாது. கட்டடத்தில் தீப்பிடித்தால், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வெளியாருக்கு இருக்கிற கணக்கு இந்த நோட்டுத்தான். காலியாக விட்டால் இலட்சுமியைத் தேடுவார்கள். அவர் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தால் தேடியது வீண், அவ்வளவுதான். 12:15 என்று போட்டுவிட்டு, அவர் உள்ளே இருந்தால்? தேட ஆளே இராது.

வெறும் காலியாக விடுவதிலும் ஒரு குறை உண்டு. தாளில் காலியா, ஏற்றியவர் விட்டுவிட்டாரா என்று பின்னால் தெரியாது. ஆகவே 'வெற்று' என்றே எழுத வேண்டும்.

கையெழுத்துக்கு ஒரு நாற்காலி

கையெழுத்தை என்ன செய்வது? அது படிக்கிற எழுத்தல்ல. ஓர் ஆளின் அடையாளம். அதைத் தட்டச்சில் கொண்டுவர முடியாது. படத்திலிருந்து வெட்டி ஒட்டலாம். ஆனால் வெட்டி ஒட்டிய கையெழுத்தை இன்னொருவர் வெட்டி வேறு பத்திரத்தில் ஒட்டவும் முடியும்.

பழைய குமாஸ்தாக்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். அரசாங்கக் கடிதத்துக்கு நகல் எடுக்கும்போது, கையெழுத்து இருந்த இடத்தில் 'ஒம்/-' என்று எழுதுவார்கள். ஒப்பம் என்பதன் சுருக்கம் அது. மூலத்தில் ஒப்பம் இருக்கிறது, இது நகல் என்று அதற்குப் பொருள். பிரெஞ்சு நகல்களிலும் ஒப்பமிட்டது என்ற சொல்லையே அந்த இடத்தில் எழுதுவார்கள். ஆள் எழுந்து போன நாற்காலியில் துண்டைப் போட்டு வைப்பது போல!

இங்கேயும் அப்படியே. கையெழுத்து இருந்தால் 'கையொப்பம்'. இலட்சுமி வைத்தது பெருவிரல் ரேகை. அதற்குக் 'கைரேகை'. செல்வி முதலெழுத்தை மட்டும் கிறுக்கியிருக்கிறார். அது 'சுருக்கொப்பம்'. ஒன்றுமே போடாவிட்டால் 'வெற்று'. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், யார் போட்டார், யார் போடவில்லை என்பது மறைந்துவிடும். இந்தச் சொற்களைச் சதுர அடைப்புக்குள் வைத்தால், தாளில் இருந்தது எது, ஏற்றியவர் சொல் எது என்று பார்த்தவுடன் புரியும்.

ஆறாவது வரியில் யாரோ பெயரை எழுதத் தொடங்கி அடித்துவிட்டார். அடித்தது என்று எழுதினால் முடிந்தது. ஏழாவது வரிதான் சோதனை. பெயர் எழுத வேண்டிய இடத்திலும் கையெழுத்தையே போட்டிருக்கிறார். முதலில் ஒரு 'ச', பிறகு ஒரே சுழி. சரவணனா, சண்முகமா, சங்கரனா? எதை எழுதினாலும் அன்று வராத ஒருவரை வந்ததாகச் செய்துவிடுவோம். 'படிக்க முடியவில்லை' என்பதுதான் உண்மை. அவர் வந்தது 2.05, போனது 2.40. முந்தைய வரிகள் பகல் 11.30 வரை வந்துவிட்டதால் இது பிற்பகல் இரண்டு மணி. 14:05, 14:40 என்று ஏற்றி, அப்படிக் கொண்டதைக் குறிப்பில் சொல்ல வேண்டும்.

இப்போது ஏழு வரியும் ஏறிவிட்டது:

```
வரி,பெயர்,உள்ளே,வெளியே,ஒப்பம்,குறிப்பு
1,கா. முருகையன்,09:30,10:10,[கையொப்பம்],
2,அ. முகம்மது யூசுப்,09:45,11:20,[கையொப்பம்],
3,சூ. சவரிநாதன்,11:10,11:45,[கையொப்பம்],
4,இலட்சுமி,11:30,[வெற்று],[கைரேகை],
5,செல்வி,11:30,12:15,[சுருக்கொப்பம்],மேற்படிக் குறி
6,[அடித்தது],[வெற்று],[வெற்று],[வெற்று],
7,[படிக்க முடியவில்லை],14:05,14:40,[கையொப்பம்],பிற்பகல் எனக் கொண்டது
```

தாளில் ஏழு, இங்கேயும் ஏழு. இரண்டு நேரமும் உள்ள ஒவ்வொரு வரியிலும் போன நேரம் வந்த நேரத்துக்குப் பின்னால் இருக்கிறது. வந்த நேரம் கீழே போகப் போக எங்கும் இறங்கவில்லை. கணக்குச் சரி. படத்தை அழித்துவிடாமல் தேதி போட்டு வைக்கிறார்கள். நாளைக்குச் சந்தேகம் வந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு வேலை பாக்கி. கதவைப் பூட்டுமுன் காவலாளி நான்காவது வரியைப் பார்க்கிறார். மாடி, முற்றம், பின்கட்டு எல்லாம் பார்த்து வருகிறார். யாரும் இல்லை. இலட்சுமி வீட்டுக்குப் போன் பேசுகிறார்கள். "நான் செல்வியோடு அப்பவே வந்துட்டேனே!" என்கிறார் அந்த அம்மாள்.

இப்போதாவது 12:15 என்று போடலாமா? இல்லை. குறிப்புக் கட்டத்தில், 'செல்வியோடு சென்றதாகப் போனில் சொன்னார்' என்று எழுதுகிறார்கள். போன நேரத்துக்கு உரிய கட்டத்தில் 'வெற்று' அப்படியே இருக்கிறது.