மாத்தளைக்கு எத்தனை எழுத்து?

க.பொ.த. உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாகக் கற்கும் மாணவர், பைதன் மொழியில் செய்நிரல் எழுதப் பழகுகின்றனர். சரம், வளையம், பட்டியல் ஆகிய மூன்றையும் தனித்தனியே பயின்ற பின்னர் அவற்றை ஒருசேரக் கையாள்வதற்கு உலகெங்கும் வழங்கிவரும் பயிற்சி ஒன்றுண்டு. மறைத்து வைத்த சொல்லை எழுத்தெழுத்தாக ஊகித்துக் கண்டுபிடிக்கும் தூக்குமர விளையாட்டே அது. பிழையான ஊகம் ஒவ்வொன்றுக்கும் தூக்குமரத்தில் தொங்கும் மனிதனின் ஓர் உறுப்பை வரைவது பழைய முறை. 1976ஆம் ஆண்டுக்குப் பின்னர் எவரையும் தூக்கிலிடாத நாட்டில் நமது பிள்ளைகளுக்கு அந்தப் படம் தேவையில்லை என்பது நமது எண்ணம். ஆறு வாய்ப்புகள் என்று எண்ணிக் குறைத்தாலே போதுமானது.

இப்பயிற்சி ஆங்கிலச் சொற்களைக் கொண்டே பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது. மாத்தளை மாவட்டத்தின் தமிழ்மொழிமூல மாணவன் ஒருவன் தன் ஊர்ப்பெயரையே மறைசொல்லாக வைத்தால் என்ன நிகழும் என்பதை இங்கு எடுத்து நோக்குவோம்.

"மாத்தளை" என்பது நமக்கு நான்கு எழுத்து: மா, த், த, ளை. ஆனால் `len("மாத்தளை")` என்று பைதனைக் கேட்டால் 7 என்றே விடை வரும். இது கணினியின் பிழையன்று. யுனிகோட் முறையில் தமிழ் எழுத்துகளுக்கு ஒதுக்கப்பட்டவை 128 இடங்கள் மட்டுமே. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் அங்கில்லை. உயிரெழுத்துகளுக்கும், அகரமேறிய மெய்களுக்கும், ஆய்தத்துக்கும், கால், கொம்பு, புள்ளி போன்ற குறிகளுக்குமே இடங்கள் உண்டு. ஆகவே "மா" என்பது மகரமும் காலும் சேர்ந்த இரண்டு குறிகள். "த்" என்பது தகரமும் புள்ளியும். ம, கால், த, புள்ளி, த, ள, ஐகாரக் குறி என எண்ணிப் பார்த்தால் ஏழு வரும். எல்லா எழுத்துக்கும் தனியிடம் தரும் டேஸ் 16 என்ற முறையைத் தமிழ்நாட்டு அரசு 2010இல் ஏற்றுக்கொண்டது. எனினும் கைப்பேசியிலும் இணையத்திலும் நாம் காண்பது யுனிகோட்டே.

இதனை அறியாது எழுதப்பட்ட விளையாட்டு ஏழு கோடுகளைத் திரையில் காட்டும். விளையாடுபவர் "த" என்று ஊகித்தால் மூன்றாம், ஐந்தாம் இடங்கள் நிரம்பும். இடையிலுள்ள நான்காம் இடத்தைப் புள்ளியை மட்டும் தனியே தட்டச்சிட்டாலொழிய நிரப்ப இயலாது. "மா" என்று சரியாகவே ஊகித்தவருக்கோ ஒரு வாய்ப்புப் பறிபோகும். இரண்டு குறிகள் கொண்ட ஊகம் ஒற்றைக் குறி எதற்கும் சமமாகாது அல்லவா? தனித்து நிற்கும் குறிகளைச் சுற்றித் திரையில் புள்ளிகளாலான வட்டம் தோன்றினால், எழுத்து உடைந்திருக்கிறது என்று உடனே அறிந்துகொள்ளலாம்.

ஆகவே முதல் வேலை, சொல்லை எழுத்துகளாகப் பிரித்துப் பட்டியலில் இடுவதாகும். சரத்தின் குறிகளை ஒவ்வொன்றாக வளையத்தில் எடுத்து, அது சார்ந்து நிற்கும் குறியாயின் முந்திய எழுத்துடன் ஒட்டிவிட வேண்டும். அல்லவெனில் புதிய எழுத்தாகச் சேர்க்க வேண்டும்.

```python
import random, unicodedata

def பிரி(சொல்):
    எழுத்துகள் = []
    for குறி in unicodedata.normalize("NFC", சொல்):
        if எழுத்துகள் and unicodedata.category(குறி) in ("Mn", "Mc"):
            எழுத்துகள்[-1] += குறி
        else:
            எழுத்துகள்.append(குறி)
    return எழுத்துகள்
```

மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டியிருப்பது கண்டு எவரும் மலைக்க வேண்டியதில்லை. பைதன் 3 அதனை ஏற்கும். விசைப்பலகையை அடிக்கடி மாற்றுவதில் எரிச்சல் கொள்வோர் ஆங்கில எழுத்திலேயே பெயரிடலாம். `Mn`, `Mc` என்பன சார்ந்து நிற்கும் குறிகளுக்கு யுனிகோட் இட்ட வகைப்பெயர்கள். தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் இவ்விரண்டினுள் அடங்கும். `NFC` வரியின் தேவை வேறு. "கொங்கஹவெல" என்பதிலுள்ள "கொ" எழுத்தை ஒரே ஒகரக் குறியாலும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கோ வெவ்வேறு. அந்த வரி இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகிறது.

இனி விளையாட்டு.

```python
சொற்கள் = ["மாத்தளை", "தம்புள்ளை", "உக்குவளை", "கொங்கஹவெல"]
விடை = பிரி(random.choice(சொற்கள்))
மறைவு = ["_"] * len(விடை)
கேட்டவை = []
வாய்ப்பு = 6

while வாய்ப்பு > 0 and "_" in மறைவு:
    print(" ".join(மறைவு), "வாய்ப்பு:", வாய்ப்பு)
    ஊகம் = பிரி(input("எழுத்து: ").strip())
    if len(ஊகம்) != 1 or ஊகம்[0][0] in கேட்டவை:
        continue
    முதல் = ஊகம்[0][0]
    கேட்டவை.append(முதல்)
    கிடைத்தது = False
    for i in range(len(விடை)):
        if விடை[i][0] == முதல்:
            மறைவு[i] = விடை[i]
            கிடைத்தது = True
    if not கிடைத்தது:
        வாய்ப்பு -= 1

print("விடை:", "".join(விடை))
```

கோடுகளைப் பட்டியலாக வைத்தமைக்குக் காரணமுண்டு. பைதனில் ஒரு சரத்தை உருவாக்கிய பின் அதனுள் ஓரிடத்தை மட்டும் மாற்ற இயலாது. முயன்றால் `'str' object does not support item assignment` என்ற அறிவிப்புடன் செய்நிரல் நின்றுவிடும். பட்டியலில் எந்த இடத்தையும் மாற்றலாம். ஆகவே மாற்றும் வேலை பட்டியலில் நடக்கிறது. திரையில் காட்டும் வேளையில் மட்டும் `join` அதனைச் சரமாக்குகிறது.

`[0]` என்பதில் பொதிந்துள்ள முடிவு இன்னும் கவனத்துக்குரியது. ஆங்கிலத்தில் ஊகிக்க வேண்டியவை 26 எழுத்துகள். ஆறு வாய்ப்புகள் அதற்குப் போதும். 247 எழுத்துகளிலிருந்து "ளை" என்பதைத் துல்லியமாக ஊகிக்கச் சொல்வது விளையாட்டாகாது, தண்டனையாகும். ஒவ்வோர் எழுத்திலும் முதற்குறி அதன் அடிப்படை எழுத்தே. அதனை மட்டும் ஒப்பிட்டால், "ள" என்று சொன்னவருக்கு ள், ளை, ளு யாவும் திறக்கும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என ஊகிக்க வேண்டியவை 31 ஆகச் சுருங்குகின்றன. அவற்றுடன் ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கொங்கஹவெலயும் நமது ஊரே. கடினமான ஆட்டம் விரும்புவோர் `விடை[i] == ஊகம்[0]` என்று முழு எழுத்தையே ஒப்பிடலாம். அப்போது ஏற்கெனவே கேட்டவற்றின் பட்டியலிலும் முழு எழுத்தையே இட வேண்டும்.

"தம்புள்ளை" மறைசொல்லாக அமைந்ததெனக் கொள்வோம். குறிகள் ஒன்பது, எழுத்துகள் ஐந்து. ஆகவே ஐந்து கோடுகள். முதல் ஊகம் "க". எங்குமில்லை, வாய்ப்பு 5. அடுத்து "ள". வளையம் ஐந்து இடங்களையும் பார்த்துக் கடைசி இரண்டைத் திறக்கிறது: `_ _ _ ள் ளை`. ஐயம் தீராத ஒருவர் அடுத்து "ல" என்கிறார், வாய்ப்பு 4. பேச்சில் லகர ளகர வேறுபாட்டைக் கைவிட்டவர்களுக்கு இவ்விளையாட்டு இரக்கம் காட்டுவதில்லை. பின்னர் "த", "ம", "ப" என்று வரிசையாக ஊகிக்க, நான்கு வாய்ப்புகள் எஞ்சியிருக்கையில் சொல் முழுமையாகிறது.

புதிதாகப் பழகுவோர் அனேகமாகச் செய்யும் தவறு, வாய்ப்பைக் குறைக்கும் வரியை உள்வளையத்தினுள்ளேயே `else` இட்டு எழுதுவதாகும். அப்படிச் செய்தால் பொருந்தாத இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்ப்புக் குறையும். மேற்கண்ட ஆட்டத்தில் "க" என்ற ஒரேயொரு பிழை ஐந்து வாய்ப்புகளை விழுங்கும். அடுத்து "ள" என்ற சரியான ஊகமோ மூன்றைக் குறைத்து ஆட்டத்தையே முடித்துவிடும். சரியாக ஊகித்தும் எண்ணிக்கை குறைகிறதென்றால் பிழை அங்குதான் இருக்கிறது. ஐந்து இடங்களையும் பார்த்து முடித்த பின்னரே தீர்ப்பு வழங்க வேண்டும். `கிடைத்தது` என்ற மாறி அதற்காகவே.

நமது முஸ்லிம் வாசகர்களின் வழக்கிலுள்ள சொற்கள் இச்செய்நிரலுக்கு நல்லதொரு சோதனை. தமிழ்ச் சொற்களில் உயிரெழுத்து பொதுவாக முதலிலேயே வரும் என்று நம்பி, முதலிடம் தவிர்ந்த இடங்களில் உயிரைத் தேடாமல் விடும் சுருக்குவழியைச் சிலர் கையாளக்கூடும். "ஜும்ஆ" என்ற சொல்லில் அது தோற்கும். ஜு, ம், ஆ என மூன்றெழுத்து. ஆகாரம் கடைசியில் தனித்து நிற்கிறது. மேலே தந்த வளையம் எல்லா இடங்களையும் பார்ப்பதால் அதனைக் கண்டுகொள்ளும். "ஃபாத்திமா" என்பதில் ஃபா ஓரெழுத்தா, ஈரெழுத்தா? யுனிகோட் ஆய்தத்தைச் சார்ந்த குறியாகக் கொள்வதில்லை. ஆகவே செய்நிரல் ஃ, பா, த், தி, மா என ஐந்தாகவே பிரிக்கும். மரபிலக்கணப்படியும் ஆய்தம் தனியெழுத்தே என்பதால் அவ்வாறே விடுவது முறை என்பது நமது கருத்து. "க்ஷ" என்பதும் க், ஷ என இரண்டாகவே பிரியும். அதனை ஓரெழுத்தாகக் கொள்வோர் அதற்கெனத் தனி நிபந்தனை எழுத வேண்டும்.

இவ்வேலையைச் செய்துதரும் ஆயத்த நூலகமும் உண்டு. தமிழிலேயே கட்டளைகளை எழுதத்தக்க "எழில்" மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலையும் தோழர்களும் வளர்த்த ஓப்பன் தமிழ் என்ற தொகுதியில் `tamil.utf8.get_letters` என்ற சார்பு இதே பிரிப்பைச் செய்கிறது. ஆயினும் பயிற்சிக்கென எழுதும் மாணவன் ஒருமுறை தானே பிரித்துப் பார்த்த பின்னர் அதனை நாடுவது நல்லது.

சொற்பட்டியலை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. நமது பாடசாலைகளிலும் அச்சகங்களிலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட ஆவணங்கள் ஏராளம். பாமினியில் "மாத்தளை" என்று தோன்றுவது உண்மையில் `khj;jis` என்ற ஆங்கில எழுத்துகளே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி அணிவிக்கிறது. அதனைப் பிரதி செய்து செய்நிரலில் ஒட்டினால் ஏழு கோடுகள் தோன்றும், எந்தத் தமிழெழுத்தும் பொருந்தாது. யுனிகோட்டுக்கு மாற்றிய பின்னரே பட்டியலில் சேர்க்க வேண்டும். அவ்வாறு சேர்க்கையில் எழுத்துக்கூட்டலையும் தீர்மானித்துக்கொள்வது அவசியம். ரத்தோட்டை, றத்தோட்டை, இரத்தோட்டை என மூன்று விதமாகவும் எழுதப்படும் ஊரைப் பட்டியலில் இட்டால், முதலெழுத்து எதுவென்று அவ்வூரவரே உடன்பட மாட்டார்கள். நாமும் அதனாலேயே அவ்வூரை மேலுள்ள பட்டியலில் சேர்க்கவில்லை.