கணக்கில் சுழலும் மோட்டார் – 9: தேற்றம் சொன்ன 90.9

போன வாரம் சின்ன டி.சி. மோட்டார் ஒன்றை ஒரே வரிச் சமன்பாடாகச் சுருக்கி வைத்தோம். மைக்ரோகன்ட்ரோலர் 0.1 நொடிக்கு ஒருமுறை வேகத்தை அளக்கிறது, வோல்டேஜை மாற்றுகிறது. அந்த 0.1 நொடிக்குள் மோட்டார் செய்வது இவ்வளவுதான்:

y[k+1] = 0.8 y[k] + 0.4 u[k]

y என்பது வேகம். 1 என்றால் 100 ஆர்.பி.எம். என்று வைத்துக்கொள்கிறோம். u என்பது வோல்ட். ஒரு வோல்ட்டை விடாமல் கொடுத்தால் மோட்டார் 200 ஆர்.பி.எம்.மில் போய் நிற்கும்.

இப்போது கன்ட்ரோலரைச் சேர்ப்போம். இலக்கு 100 ஆர்.பி.எம். இலக்குக்கும் வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை K மடங்காக்கி வோல்டேஜாகக் கொடுக்கிறோம்: u[k] = K (1 − y[k]). நின்றிருக்கும் மோட்டாருக்குத் திடீரென்று இந்த இலக்கைக் கொடுத்தால் வேகம் எப்படி மாறிக்கொண்டு போகிறது என்பதே ஸ்டெப் ரெஸ்பான்ஸ். இரண்டு வரிகளையும் சேர்த்தால்,

y[k+1] = (0.8 − 0.4K) y[k] + 0.4K

K = 1 போட்டு கையாலேயே கணக்கிடலாம்: 0, 0.4, 0.56, 0.624, 0.6496… இப்படி ஏறி 0.667-ஐ நெருங்குகிறது. 100 கேட்டோம், 66.7 கிடைக்கிறது. இதில் தப்பு எதுவும் இல்லை. 66.7-இல் ஓடும்போது மீதம் 33.3, அதற்கு கன்ட்ரோலர் கொடுப்பது 0.333 வோல்ட், அந்த வோல்டேஜில் மோட்டார் ஓடக்கூடிய வேகமும் சரியாக 66.7. வித்தியாசம் முழுக்கத் தீர்ந்துவிட்டால் வோல்டேஜும் தீர்ந்துவிடும், மோட்டார் நின்றுவிடும்.

ஒவ்வொரு படியாக ஓட்டிப் பார்க்காமலேயே கடைசி மதிப்பைச் சொல்லத்தான் இறுதி மதிப்புத் தேற்றம். z-உருமாற்றத்தில் நம் மூடிய சுற்று G(z) = 0.4K / (z − 0.8 + 0.4K). ஸ்டெப் உள்ளீட்டின் உருமாற்றம் z/(z − 1). இரண்டையும் பெருக்கினால் Y(z). அதை (z − 1)-ஆல் பெருக்கி z-க்கு 1 போடச் சொல்கிறது தேற்றம். ஸ்டெப்பின் (z − 1) அடிபட்டுப்போய், மிஞ்சுவது G(1) மட்டுமே:

G(1) = 0.4K / (0.2 + 0.4K)

K = 1 என்றால் 66.7 ஆர்.பி.எம். K = 4 என்றால் 88.9. K = 5 என்றால் 90.9. இதை மட்டும் பார்ப்பவர் K-ஐக் கூட்டிக்கொண்டே போகலாம் என்றுதான் நினைப்பார். தேர்வுத்தாளில் பலரும் இந்த இடத்தோடு விடையை முடித்துவிடுகிறார்கள்.

K = 5-ஐ ஓட்டிப் பாருங்கள். 0, 2, −0.4, 2.48, −0.976, 3.17, −1.81… 200-க்குப் பாய்கிறது, பின்பக்கம் சுழல்கிறது, அதைவிட வேகமாக முன்னால் பாய்கிறது. 90.9 எங்கேயும் இல்லை.

இது ஏன் என்று புரிய, தேற்றத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரிதாக ஒன்றுமில்லை. (z − 1)-ஆல் பெருக்குவது என்றால், அடுத்தடுத்த மதிப்புகளுக்கு இடையிலான ஏற்றஇறக்கங்களை எடுப்பது. z = 1 போடுவது என்றால், அவற்றை எல்லாம் கூட்டுவது. பூஜ்யத்தில் தொடங்கியவன் ஒவ்வொரு ஏற்றஇறக்கத்தையும் கூட்டினால் கடைசியில் நிற்கும் இடம் வரும். K = 1-இல் ஏற்றங்கள் 0.4, 0.16, 0.064… ஒவ்வொன்றும் முந்தையதில் 0.4 மடங்கு. பள்ளியில் படித்த பெருக்குத் தொடர்தான், கூட்டுத்தொகை 0.4/(1 − 0.4) = 0.667.

K = 5-இல் ஏற்றஇறக்கங்கள் 2, −2.4, 2.88, −3.456… விகிதம் −1.2. அதே சூத்திரத்தில் போட்டால் 2/(1 + 1.2) = 0.909. சூத்திரம் தயங்கவே இல்லை. ஆனால் இந்தத் தொடருக்குக் கூட்டுத்தொகையே கிடையாது. விகிதத்தின் அளவு 1-க்குக் கீழே இருந்தால்தான் அந்தச் சூத்திரம் செல்லும். இந்த விகிதம்தான் G(z)-இன் போல்: 0.8 − 0.4K. தேற்றத்தின் நிபந்தனையும் இதுவே. (z − 1)Y(z)-இன் போல்கள் எல்லாம் அலகு வட்டத்துக்குள் இருக்க வேண்டும். வட்டத்தின் மேல் இருந்தாலும் ஆகாது. Y(z)-இல் z = 1-இல் ஒரு போல் இருப்பது தவறல்ல, அது ஸ்டெப்பிலிருந்து வந்தது, பெருக்கும்போது போய்விடும். Y(z)-இன் போல்களையே பார்த்து, ‘1-இல் ஒன்று இருக்கிறதே, தேற்றம் செல்லாது’ என்று எழுதுவதும் உண்டு. அதுவும் தப்புதான்.

நம் மோட்டாருக்கு 0.8 − 0.4K என்பது −1-க்கு மேலே இருக்க வேண்டும். அதாவது K 4.5-க்குக் கீழே. K = 4-இல் போல் −0.8. 1.6, 0.32, 1.344, 0.525 என்று ஆடி ஆடித்தான் 0.889-க்கு வரும், ஆனாலும் வந்துவிடும்.

சரியாக 4.5-இல் நடப்பது வேடிக்கை. 0, 1.8, 0, 1.8 என்று முடிவில்லாமல் ஆடுகிறது. தேற்றத்தைக் கேட்டால் 0.9 என்கிறது, இரண்டுக்கும் நடு. 1 − 1 + 1 − 1 + … என்ற தொடருக்கு 1/2 என்று இத்தாலியின் குயிதோ கிராந்தி 1703-இல் சொன்னாரே, அதே கணக்கு. சராசரி என்று எடுத்துக்கொண்டால் பொருள் உண்டு. மோட்டார் நிற்கும் வேகம் என்று எடுத்துக்கொண்டால் இல்லை.

நிஜத்தில் K = 5 வைத்த மோட்டார் எல்லையில்லாமல் பாய்ந்துவிடாது. சப்ளை 12 வோல்ட் என்றால் அதற்கு மேல் கொடுக்க முடியாது. அந்த வரம்பைச் சேர்த்து ஓட்டினால், முன்னால் 327, பின்னால் 192 என்று இரண்டு வேகங்களுக்கு இடையே மாட்டிக்கொள்கிறது. வேகத்தைச் சராசரி எடுத்துக் காட்டும் மீட்டர் இருந்தால் சுமார் 67 என்று அசையாமல் காட்டும், K = 1-க்குக் காட்டியதைப் போலவே! மோட்டாரின் சத்தமும் சூடும்தான் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு 0.1 நொடி அளவையும் அப்படியே பதிவு செய்து பார்ப்பது நல்லது.

மீதம் நிற்கும் வித்தியாசத்தைத் தீர்க்க, பிழையைச் சேர்த்துக்கொண்டே போகும் இன்டக்ரல் கன்ட்ரோலர் உண்டு: u[k] = u[k−1] + Ki·e[k]; e என்பது இலக்கு கழித்தல் வேகம். அப்போது மூடிய சுற்றின் பகுதி z² − (1.8 − 0.4Ki) z + 0.8. தேற்றத்தின் விடை Ki எதுவானாலும் சரியாக 1, அதாவது 100 ஆர்.பி.எம். விடையில் Ki-யே இல்லை என்பதால் இங்கே ஏமாறுவது இன்னும் சுலபம். இருபடிக்குச் சோதனை: போல்களின் பெருக்கல் 0.8, அது 1-க்குள் இருக்கிறது; z = 1 போட்டால் 0.4Ki, z = −1 போட்டால் 3.6 − 0.4Ki, இரண்டும் நேர்மமாக இருக்க வேண்டும். ஆக Ki 0-க்கும் 9-க்கும் இடையே. Ki = 1-இல் 100-க்குப் போய்ச் சேரும், ஆனால் ஆட்டம் 2 சதவீதத்துக்குள் அடங்க ஏறக்குறைய 35 படிகள், மூன்றரை நொடி ஆகும். அதைப் பற்றித் தேற்றம் வாயே திறக்காது. போல்கள் வட்டத்துக்குள் இருக்கின்றனவா என்று கணினியிலேயே பார்த்துவிடலாம்:

```python
import numpy as np
Ki = 10
p = np.roots([1, -(1.8 - 0.4*Ki), 0.8])
print(p, max(abs(p)) < 0.999)
```

Ki = 10-க்கு −1.74, −0.46 என்று போல்கள் வந்து, False என்று முடியும். 0.999-க்குப் பதில் 1 என்று எழுதாததற்குக் காரணம் Ki = 9: அங்கே ஒரு போல் சரியாக −1. கணினி அதன் அளவை 0.9999999 என்று கணக்கிட்டுவிட்டால், காலத்துக்கும் ஆடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு True என்று வந்துவிடும்.