சாம்பலுக்கும் உண்டு மார்க்

வெள்ளைப் பின்னணியில் இரண்டு வரிகள். ஒன்றின் நிறக் குறியீடு #767676, இன்னொன்றின் குறியீடு #777777. இரண்டுமே சாம்பல் நிறம்தான். அருகருகே வைத்துக் காட்டினாலும் எது எது என்று கண்ணால் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் இணைய எழுத்துகளுக்கான விதிப்படி முதல் வரி பாஸ், இரண்டாவது வரி ஃபெயில். முதலாவது வாங்கிய மார்க் 4.54, இரண்டாவது வாங்கியது 4.48. பாஸ் மார்க் 4.5.

இந்த மார்க்குக்குப் பெயர் கான்ட்ராஸ்ட் விகிதம். எழுத்தும் பின்னணியும் ஒளிர்வில் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை அது சொல்கிறது. வெள்ளையில் வெள்ளையாக எழுதினால் 1. வெள்ளையில் கறுப்பாக எழுதினால் 21. மற்ற எல்லா ஜோடிகளும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வரும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, 2008-இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பில் இந்தக் கணக்கைச் சேர்த்தது. 2018-லும் 2023-லும் புதிய பதிப்புகள் வந்தன. எழுத்துக்கான எண்கள் மட்டும் மாறவில்லை.

4.5 என்ற எண் எங்கிருந்து வந்தது? நல்ல பார்வை உள்ளவர்களுக்குத் திரையில் குறைந்தது 3 வேண்டும் என்று பழைய திரைத் தரங்கள் சொல்லியிருந்தன. கண் மருத்துவர் சீட்டில் 6/12 என்று எழுதுகிறாரே, அந்த அளவுக்குப் பார்வை மங்கியவருக்கு ஒளி வேறுபாட்டை உணரும் திறன் சுமார் ஒன்றரை மடங்கு குறைந்துவிடுகிறது. மூன்றை ஒன்றரையால் பெருக்கினால் 4.5. வயதானவர்களிடம் சர்வசாதாரணமாகக் காணப்படும் பார்வை அது. 6/24 வரை மங்கியவர்களையும் கணக்கில் எடுத்தால் 7 வேண்டும். அதனால்தான் வழிகாட்டியில் இரண்டு படிகள்: பொதுவாகக் கேட்கப்படும் ஏஏ நிலைக்கு 4.5, அதற்கும் மேலான ஏஏஏ நிலைக்கு 7.

கணக்கு இதுதான்:

```
(L1 + 0.05) / (L2 + 0.05)
```

L1 என்பது இரண்டில் வெளிச்சமான நிறத்தின் ஒளிர்வு, L2 மங்கலானதன் ஒளிர்வு. சுத்த வெள்ளைக்கு 1, சுத்தக் கறுப்புக்கு 0. அறை வெளிச்சம் திரையில் பட்டுத் தெறித்து, கறுப்பையும் கொஞ்சம் வெளுக்கச் செய்கிறதல்லவா? அதற்காகத்தான் அந்த 0.05. நம் #777777-இன் ஒளிர்வு சுமார் 0.184. வெள்ளைக்கு 1.05, சாம்பலுக்கு 0.234, வகுத்தால் 4.48 வருகிறது. இதை 4.5 என்று முழுமையாக்கிக்கொள்ளலாமா என்றால், கூடாது. 4.499 வந்தாலும் ஃபெயில்தான் என்று டபிள்யூ3சி-யின் விளக்கமே சொல்கிறது.

ஒளிர்வைக் கணக்கிடும்போது மூன்று மூல நிறங்களுக்கும் சம பங்கு கிடையாது. பச்சைக்கு 71.5 சதவீதம், சிவப்புக்கு 21.3, நீலத்துக்கு வெறும் 7.2. மனிதக் கண் பச்சைக்கு அப்படித்தான் பழகியிருக்கிறது. ‘பளிச்’ என்று இருக்கும் நிறமெல்லாம் நன்றாகப் படிக்க வரும் என்ற நம்பிக்கை இந்த இடத்தில்தான் இடறுகிறது. சுத்தச் சிவப்பை (#FF0000) எடுத்துக்கொள்ளுங்கள். ‘கடவுச்சொல் தவறு’ என்று படிவங்களுக்குக் கீழே பொடி எழுத்தில் மிரட்டுவது பெரும்பாலும் அந்த நிறம்தான். வெள்ளையின் மேல் அது வாங்குவது 4 மட்டுமே. கொஞ்சம் கருக்கவைத்து #CC0000 என்று மாற்றினால் 5.89 ஆகிவிடுகிறது. அப்போதும் அது சிவப்புதான், யாரும் குறை சொல்லப்போவதில்லை.

அதே சுத்தச் சிவப்பில் பெரிய தலைப்பு எழுதினால் தப்பில்லை. பெரிய எழுத்தின் கோடுகள் தடிமனானவை. அதனால் அதற்கு 3 இருந்தாலே ஏஏ நிலையில் பாஸ். ஏஏஏ நிலையில் 4.5 வேண்டும்.

எது பெரிய எழுத்து என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வழிகாட்டி சொல்வது 18 பாயின்ட், போல்ட் எழுத்தாக இருந்தால் 14 பாயின்ட். இணையப் பக்கம் செய்பவர்கள் புழங்குவதோ பிக்சலில். 18 பாயின்ட் என்பது 24 பிக்சல். 14 பாயின்ட் என்பது சுமார் 18.7 பிக்சல். 18 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு 18 பிக்சல் எழுத்துக்குச் சலுகை எடுத்துக்கொண்டால், உண்மையில் அது சிறிய எழுத்து; அதற்கு 4.5 வேண்டும். போல்ட் செய்தாலும் 18 பிக்சல் எல்லையைத் தொடாது.

சரிபார்க்கச் செலவில்லை. கணினியில் குரோம் உலாவியில் சந்தேகத்துக்குரிய வரியின் மேல் வலது கிளிக் செய்து Inspect கொடுங்கள். Styles பகுதியில் color என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நிறக் கட்டம் இருக்கும். அதைச் சொடுக்கினால் திறக்கும் பெட்டியில் Contrast ratio என்று எண் வரும். விரித்தால் ஏஏ, ஏஏஏ இரண்டுக்கும் பாஸா ஃபெயிலா என்று காட்டும். வெப்எய்ம் என்ற அமைப்பின் இலவசப் பக்கத்தில் இரண்டு குறியீடுகளைத் தட்டினாலும் இதே எண் கிடைக்கும்.

ஆனால் தட்டுகிற குறியீடு சரியாக இருக்க வேண்டும். முதல் பாராவில் பாஸான #767676-ஐயே மறுபடி எடுப்போம். பக்கத்தின் நடுவே #F5F5F5 என்ற வெளிர்சாம்பல் பெட்டி ஒன்று வைத்து, அதற்குள் இதே எழுத்தைப் போட்டால் மார்க் 4.17-க்கு இறங்கிவிடும். வெள்ளைக்குச் சரிபார்த்தது பெட்டிக்குச் செல்லாது. இன்னொரு பொறி, எழுத்தை அரைவாசி ஒளிபுகும்படி வைப்பது. குறியீட்டில் கறுப்பு (#000000) என்றுதான் இருக்கும். கருவியில் தட்டினால் 21 என்று மார்க் வரும். பக்கத்தில் opacity 0.5 என்று இருந்தால் கண்ணுக்குத் தெரிவது நடுச்சாம்பல், அதன் மார்க் சுமார் 4.

திரையிலிருந்து நிறத்தை உறிஞ்சி எடுக்கும் கருவியிலும் கவனம் வேண்டும். எழுத்தின் ஓரங்களை உலாவி பின்னணியோடு குழைத்துவிடுகிறது. ஓரத்தில் எடுத்தால் இருப்பதைவிட வெளிறிய நிறமே சிக்கும். மார்க்கும் அநியாயமாகக் குறையும். கோட்டின் நடுவில் எடுக்க வேண்டும், அல்லது குறியீட்டையே பார்க்க வேண்டும். புகைப்படத்தின் மேல் எழுதிய வரிக்குக் கருவி எண் தராமல் கைவிரிக்கலாம். அப்போது எழுத்துக்குப் பின்னால் மிக வெளுத்த இடம் எதுவென்று பார்த்து (எழுத்து கறுப்பென்றால் மிகக் கறுத்த இடத்தை), அங்கே அளப்பதே முறை.

லோகோவில் உள்ள எழுத்து, வெறும் அலங்காரம், அந்த நேரத்தில் அமுக்க முடியாத பொத்தான் ஆகியவற்றுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. படிவக் கட்டத்துக்குள் ‘உங்கள் பெயர்’ என்று மங்கலாக நிற்கும் குறிப்புக்கு விலக்கு இல்லை. வெளிர்சாம்பல் அதிகம் குடியிருப்பதோ அங்கேதான்.

இதெல்லாம் கறாரான விதியாக இருந்தும் கடைப்பிடிப்பவர்கள் குறைவு. பத்து லட்சம் முகப்புப் பக்கங்களை ஆண்டுதோறும் சோதிக்கும் வெப்எய்ம், 2024-இல் 81 சதவீதப் பக்கங்களில் போதாத கான்ட்ராஸ்ட் உள்ள எழுத்தைக் கண்டது.

தமிழுக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. பெரிய எழுத்தின் அளவு, சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துருக்களுக்குத் தனியாகக் கணக்கிடப்பட வேண்டும் என்று வழிகாட்டி சொல்கிறது. தமிழைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ‘ஞ’, ‘ணை’ போன்றவற்றின் சுழிகள் மெல்லிய எழுத்துருவில் 24 பிக்சலிலும் நெருக்கமாகவே இருக்கின்றன. ஆகவே தமிழ்ப் பக்கம் செய்கிறவர்கள் தலைப்புக்கு 3 போதும் என்று சலுகையைப் பிடித்துக்கொள்ளாமல், தலைப்பு உட்பட எல்லாவற்றுக்கும் 4.5 என்றே வைத்துக்கொள்வது நல்லது.