முன்னுரிமை 15 இருந்தும் தலைமை கிடைக்காத ஸ்விட்ச்

ஓர் அலுவலகத்திலோ கல்லூரியிலோ ஒரு மாடி முழுவதற்கும் இணைய இணைப்பு தர ஒரு ஸ்விட்ச் போதாது. அதனால் நான்கைந்து ஸ்விட்சுகளை ஒரே சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, பின்புறம் தனிக் கேபிள்களால் வளையமாக இணைத்துவிடுகிறார்கள். இதற்கு ஸ்டாக் என்று பெயர். இணைத்தபின் அவை தனித்தனிக் கருவிகளாக நடந்துகொள்வதில்லை. மொத்தமும் ஒரே பெரிய ஸ்விட்சாக, ஒரே முகவரியோடு, ஒரே அமைப்புக் கோப்போடு இயங்குகிறது. அந்தக் கோப்பை வைத்திருந்து மற்றவற்றுக்கு வழிகாட்டும் பொறுப்பு ஒரே ஒரு ஸ்விட்சிடம் இருக்கும். அதுதான் மாஸ்டர். சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 3750 காலத்தில் திரையில் அப்படித்தான் தெரிந்தது. இப்போதைய கேட்டலிஸ்ட் 9300 வரிசையில் அதே பதவியை ஆக்டிவ் என்றும், அடுத்த இடத்தில் காத்திருப்பதை ஸ்டாண்ட்பை என்றும் காட்டுகிறார்கள்.

யார் மாஸ்டர் என்பதை ஸ்விட்சுகள் தாமே தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன. நிர்வாகி ஒன்றை மனதில் வைத்திருக்க, ஸ்டாக் வேறொன்றைத் தேர்ந்தெடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும். அப்போது உற்பத்தியாளரின் உதவிப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போகிறது. பெரும்பாலும் அது இரண்டே வரிதான்: "முதல் ஸ்விட்சுக்கு அதிக முன்னுரிமை கொடுத்திருக்கிறோம். ஆனாலும் மூன்றாவதுதான் மாஸ்டராகிறது, சரிசெய்து தரவும்." இதை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தில் இருப்பவரால் எதையும் சொல்ல முடியாது. ஆறேழு கேள்விகளோடு பதில் வரும், அதிலேயே இரண்டு நாள் போய்விடும்.

நான்கு கேட்டலிஸ்ட் 9300 ஸ்விட்சுகள் கொண்ட ஒரு கல்லூரி ஸ்டாக்கை எடுத்துக்கொள்வோம். நிறுவியவர் முதல் ஸ்விட்சுக்கு இந்தக் கட்டளையால் முன்னுரிமை கொடுத்தார்:

```
switch 1 priority 15
```

முன்னுரிமை எண் 1 முதல் 15 வரை இருக்கலாம். எதுவும் செய்யாமல் விட்டால் எல்லாவற்றுக்கும் 1. ஆக, முதல் ஸ்விட்சுக்கு இருப்பதிலேயே பெரிய எண், மற்ற மூன்றுக்கும் 1. ஸ்டாக்கை முழுவதுமாக அணைத்து எழுப்பியபோது முதல் ஸ்விட்ச் ஆக்டிவ் ஆனது, மூன்றாவது ஸ்டாண்ட்பை ஆனது. எல்லாம் சரியாகவே இருந்தது. சில வாரங்கள் கழித்து `show switch` கொடுத்துப் பார்த்தபோது, தேவையான பத்திகள் மட்டும் இப்படி இருந்தன:

```
Switch#  Role      Priority  State
 1       Member    15        Ready
 2       Standby   1         Ready
*3       Active    1         Ready
 4       Member    1         Ready
```

முன்னுரிமை 15 அப்படியே இருக்கிறது, ஸ்விட்சும் நலமாக இருக்கிறது, பதவி மட்டும் இல்லை. இரவில் ஸ்டாக்கை முழுவதுமாக மறுதொடக்கம் செய்தார்கள், முதல் ஸ்விட்ச் மறுபடியும் ஆக்டிவ் ஆனது. அடுத்த மாதம் பார்த்தால் மீண்டும் மூன்றாவது. இந்தக் கட்டத்தில்தான் மென்பொருளில் பிழை என்ற முடிவுக்கு வந்து மின்னஞ்சல் எழுதுகிறார்கள்.

பிழை இல்லை. தேர்தல் விதிகளை வரிசையாகப் படித்தால் அது தெரியும். 9300 முதலில் பார்ப்பது, இப்போது ஆக்டிவாக இருப்பது யார் என்பதை. அப்படி ஒருவர் இருந்தால் பதவி அவரிடமே இருக்கும். யாரும் இல்லாதபோதுதான் முன்னுரிமை எண்ணுக்கு வேலை. எண்களும் சமமாக இருந்தால் விரைவில் தொடங்கி எழுந்த ஸ்விட்ச், அதுவும் சமமானால் மிகச் சிறிய மேக் முகவரி கொண்ட ஸ்விட்ச். அதாவது, பதவியில் இருப்பவர் என்ற தகுதி முன்னுரிமைக்கும் மேலே நிற்கிறது. பேருந்து இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல இந்த 15 இடம் பிடித்து வைக்காது. இறங்கிப் போய்விட்டுத் திரும்பினால், உட்கார்ந்திருப்பவரை எழுப்ப முடியாது.

இன்னொரு விதி நேரத்தைப் பற்றியது. எல்லாம் ஒன்றாக எழும்போது, 120 விநாடிகளுக்குள் வந்து சேர்ந்தவை மட்டுமே தேர்தலில் பங்கு பெறும். அதற்குப் பிறகு வருவது, முன்னுரிமை 15 என்றாலும், சாதாரண உறுப்பினராகவே சேரும்.

இப்படி விதி வைத்ததற்குக் காரணம் உண்டு. பதவி கைமாறும் ஒவ்வொரு முறையும் ஸ்டாக்கில் ஒரு சிறு குலுக்கல் ஏற்படுகிறது. மின்வழங்கி பழுதாகி அரைமணிக்கொரு முறை அணைந்து எழும் ஒரு ஸ்விட்சிடம் 15 இருந்து, அது எழும்போதெல்லாம் பதவியைப் பறித்துக்கொண்டால் மாடி முழுதும் நாள்தோறும் தடுமாறும். எல்லா நிறுவனங்களும் இதே வழியில் போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஜூனிபரின் விர்ச்சுவல் சேசிஸ் முறையில் முன்னுரிமை எண் 0 முதல் 255 வரை, இயல்பாக 128. அங்கே முன்னுரிமைதான் முதலில் பார்க்கப்படுகிறது. அதனால் தலைமைக்கும் மாற்றுக்கும் ஒரே எண்ணைக் கொடுக்கும்படி அந்நிறுவனமே பரிந்துரைக்கிறது. எண் சமமாக இருந்தால் கடைசியாகத் தலைமையில் இருந்தது யார் என்று பார்க்கும், பதவி ஆடாது. சிஸ்கோவில் பழகியவர் ஜூனிபரிலும், ஜூனிபரில் பழகியவர் சிஸ்கோவிலும் குழம்புவது இந்த இடத்தில்தான். மின்னஞ்சலின் முதல் வரியில் மாடலும் மென்பொருள் பதிப்பும் இருக்கவேண்டும் என்பதும் இதனால்தான்.

விதி தெரிந்தபின் கேள்வி மாறிவிடுகிறது. மூன்றாவது ஏன் ஆக்டிவ் என்று கேட்பதைவிட, முதலாவது எப்போது பதவியை விட்டுப் போனது என்று கேட்பதே பயன் தரும். அதற்கான விடை `show version` கட்டளையில் இருக்கிறது. ஸ்டாக்கில் அது ஒவ்வொரு ஸ்விட்சும் எவ்வளவு காலமாக ஓடுகிறது என்பதையும், கடைசியாக ஏன் மறுதொடக்கம் ஆனது என்பதையும் தனித்தனியே காட்டும். நம் கல்லூரியில் மற்ற மூன்றும் 41 நாட்களாக ஓடிக்கொண்டிருக்க, முதலாவது மட்டும் 3 மணி நேரத்துக்கு முன் எழுந்திருக்கிறது. நான்கும் ஒன்றாக விழுந்து எழுந்திருந்தால் நேரங்கள் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஒன்று மட்டும் தனியே விழுந்திருக்கிறது.

சட்டத்தின் பின்னால் போய்ப் பார்த்தால் மிச்சமும் புரிகிறது. யூபிஎஸ்ஸில் இருந்து வரும் மின்பட்டையில் இடம் தீர்ந்துவிட்டதால் முதல் ஸ்விட்சின் ஒயரை யாரோ சுவர்ப் பிளக்கில் செருகியிருக்கிறார்கள். மின்சாரம் போய் ஜெனரேட்டர் கிளம்பும் அந்த அரை நிமிடத்தில் முதலாவது அணைகிறது. யூபிஎஸ் இருப்பதால் மற்றவை அணைவதில்லை. ஸ்டாண்ட்பையாக இருந்த மூன்றாவது உடனே பொறுப்பேற்கிறது, இரண்டாவது ஸ்டாண்ட்பை ஆகிறது. முதலாவது திரும்பி வரும்போது இரண்டு இடமும் நிரம்பியிருக்க, வெறும் உறுப்பினராகச் சேர்கிறது. மாதந்தோறும் ஜெனரேட்டரைச் சோதித்துப் பார்க்கும் நாளில் இதே கதை நடக்கும்.

இந்தத் தகவல்களோடு எழுதினால் மின்னஞ்சல் இப்படி அமையும்: "வணக்கம். நான்கு கேட்டலிஸ்ட் 9300 ஸ்விட்சுகள், எல்லாவற்றிலும் ஒரே மென்பொருள் பதிப்பு. பதிப்பு எண்ணும் வரிசை எண்களும் கீழே. முதலாவதின் முன்னுரிமை 15, மற்றவை 1. முழு மறுதொடக்கத்துக்குப் பின் முதலாவது ஆக்டிவ் ஆகிறது. பின்னர் அது மட்டும் மின்சாரம் இழந்து எழுந்தால் உறுப்பினராகவே சேர்கிறது, மூன்றாவது ஆக்டிவாகத் தொடர்கிறது. நிகழ்வுக்கு முன்னும் பின்னும் எடுத்த `show switch`, `show version`, `show logging`, `show redundancy` ஆகியவற்றின் முழு வெளியீடு இணைப்பில் உள்ளது. இது எதிர்பார்க்கப்படும் நடத்தைதானா? முதலாவதிடம் பதவியைத் திருப்பித் தர, சேவை மிகக் குறைவாகத் தடைபடும் வழி எது?" இதைப் படிப்பவர் திருப்பிக் கேட்க எதுவும் மிச்சமில்லை. சொல்லப்போனால், இவ்வளவையும் திரட்டி முடிப்பதற்குள் எழுதியவருக்கே விடை தெரிந்திருக்கும், பாதி மின்னஞ்சல்கள் அனுப்பப்படாமலே போகும்.

சரிசெய்வதில் ஒரு பொறி இருக்கிறது. `redundancy force-switchover` என்ற கட்டளை தலைமையை மாற்றும், ஆனால் நாம் விரும்பும் ஸ்விட்சுக்கு மாற்றாது. அப்போது ஸ்டாண்ட்பையாக இருப்பதற்குத்தான் பதவி போகும். நம் கல்லூரியில் அது இரண்டாவது. எளிய வழி, பயன்பாடு இல்லாத இரவு நேரத்தில் முழு ஸ்டாக்கையும் மறுதொடக்கம் செய்வது. சில நிமிடங்களுக்கு மாடி முழுதும் இணைப்பு இருக்காது. அதற்கு முன் பிளக்கைச் சரிசெய்யவேண்டும், இல்லையென்றால் அடுத்த ஜெனரேட்டர் சோதனை வரைதான் நிம்மதி. 9300இல் இரண்டு மின்வழங்கிகளுக்கு இடம் உண்டு, ஒன்றை யூபிஎஸ்ஸிலும் மற்றதைச் சுவர் இணைப்பிலும் செருகினால் ஏதோ ஒன்று போனாலும் ஸ்விட்ச் விழாது. இரண்டாவது ஸ்விட்சுக்கு 14 கொடுத்துவைப்பதும் நல்லது. அடுத்த வாரிசு யார் என்பதை மேக் முகவரியின் தற்செயலுக்கு விடவேண்டியதில்லை.

பழுதான ஸ்விட்சுக்குப் பதில் புதியது வந்தபின் தலைமை மாறினால் காரணம் வேறு. முன்னுரிமை எண் ஸ்டாக்கின் அமைப்புக் கோப்பில் சேமிக்கப்படுவதில்லை, அந்தந்த ஸ்விட்சின் உள்ளேயே இருக்கிறது. கோப்பைப் பத்திரமாக நகலெடுத்து வைத்திருந்தாலும் மாற்று ஸ்விட்ச் 1 என்ற எண்ணோடுதான் வரும், கட்டளையை மறுபடியும் கொடுக்கவேண்டும்.

தலைமை எந்த ஸ்விட்சிடம் இருந்தாலும் அன்றாடப் போக்குவரத்தில் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. கவனிக்கவேண்டியது ஸ்டாக்கின் மேக் முகவரியை. அது ஆக்டிவ் ஸ்விட்சிடமிருந்து எடுக்கப்படுவது. தலைமை மாறும்போது முகவரியும் மாறினால், அக்கம்பக்கக் கருவிகள் ஸ்டாக்கைப் புதிதாய் அறிந்துகொள்ளும்வரை இணைப்புகள் தடுமாறும். `show switch` வெளியீட்டின் மேற்பகுதியில் இதற்கென்று ஒரு வரி உண்டு. அங்கே Indefinite என்று இருந்தால் பழைய முகவரியே தொடரும், இல்லையென்றால் `stack-mac persistent timer 0` கட்டளை அதைச் செய்யும்.

உண்மையிலேயே ஆபத்தான தவறான தேர்தல் ஒன்று உண்டு. வேறு கட்டடத்தில் ஓடிய பழைய ஸ்விட்சைக் கொண்டுவந்து, மின்சாரம் கொடுத்து எழுப்பிவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டாக்கோடு கேபிளை இணைக்கும்போது அது நடக்கும். இப்போது இரண்டு ஆக்டிவ்கள் சந்திக்கின்றன. பதவியில் இருப்பவர் என்ற தகுதி இருவருக்கும் சமம், எனவே முன்னுரிமை தீர்மானிக்கும். வந்த ஸ்விட்சின் எண் பெரியதாக இருந்தால், தோற்ற ஸ்டாக் முழுவதும் மறுதொடக்கமாகி, வேறு கட்டடத்தின் பழைய அமைப்பின்கீழ் எழும். புதிய உறுப்பினரைச் சேர்க்கும்போது அதை அணைத்த நிலையில் கேபிள்களை முழுதாக இணைத்துவிட்டு, அதன்பிறகே மின்சாரம் கொடுக்கவேண்டும். அப்போது ஆக்டிவ் ஏற்கெனவே ஒன்று இருப்பதால் வந்தது உறுப்பினராகச் சேரும், அதன் எண் 15 ஆக இருந்தாலும்கூட.