விடுப்புக் கடிதமும் அதன் இணைப்பும்

போபாலில் உள்ள ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராகப் பணிபுரிபவர் ஒருவர். அவருடைய தாயார் மதுரையில் மூத்த மகளின் வீட்டில் வாழ்ந்து வருகிறார். 30.01.2025, வியாழக்கிழமை காலையில், தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. அன்றே அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இரவு முழுவதும் மருத்துவமனையில் இருக்க மகளால் இயலவில்லை. தம்பி வந்தாக வேண்டும்.

போபாலிலிருந்து மதுரைக்கு இரயிலில் ஒரு நாளுக்கு மேலாகும். வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டால்தான் திங்களன்று நடக்கும் அறுவை சிகிச்சைக்கு முன் அவர் சென்று சேர முடியும். எனவே அவருடைய விடுப்புக் கடிதம் வெள்ளிக்கிழமையே அலுவலரிடம் சேர வேண்டும். ஐயம் கேட்டுத் திருப்பி அனுப்பப்படாத வகையிலும் அமைய வேண்டும்.

எந்த விடுப்பு?

மத்திய அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 8 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. பிப்ரவரி 3 முதல் 14 வரை வேலை நாள்கள் மட்டும் பத்து. ஆகவே தற்செயல் விடுப்பு போதாது. மருத்துவச் சான்றின்பேரில் எடுக்கும் விடுப்பு, ஊழியர் தாமே நோயுறும்போது பெறுவது. தாயாரின் நோய்க்கு அது பொருந்தாது. எஞ்சியிருப்பது ஈட்டிய விடுப்பு. சனவரி 1, சூலை 1 ஆகிய நாள்களில் தலா 15 நாளாக இது ஊழியரின் கணக்கில் சேரும். இதில் இடையில் வரும் சனி, ஞாயிறும் விடுப்பாகவே எண்ணப்படும். எனவே 3 முதல் 14 வரை என்பது பத்து நாள் அன்று, பன்னிரண்டு நாள். முன்னும் பின்னும் உள்ள சனி, ஞாயிறுகளை அனுமதி பெற்றுச் சேர்த்துக்கொண்டால், அவை பயணத்திற்குப் பயன்படும்.

எந்தத் தாள்?

தமக்கை முதலில் கைப்பேசியில் அனுப்பியது சேர்க்கைச் சீட்டின் படம். நோயாளி சேர்க்கப்பட்டார் என்பதை மட்டுமே அது காட்டும். எத்தனை நாள் தங்க வேண்டும், உடன் ஒருவர் இருக்க வேண்டுமா என்ற வினாக்களுக்கு அதில் விடை இல்லை. 12 நாள் விடுப்புக்கு அது சான்றாகாது. நோயாளி வீடு திரும்பும்போது தரப்படும் சிகிச்சைச் சுருக்கமும் இப்போது கிடைக்காது. ஆகவே சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடமே ஒரு கடிதம் பெறப்பட்டது. சேர்த்த நாள், உள்நோயாளி எண், அறுவை சிகிச்சை நாள், தங்க வேண்டிய உத்தேசக் காலம், உடனிருப்பவர் தேவை என்னும் குறிப்பு, மருத்துவரின் கையொப்பம், பதிவெண், முத்திரை ஆகியவை அதில் இருந்தன. போபால் அலுவலகத்தில் படிப்பதற்காக அதை ஆங்கிலத்தில் கேட்டுப் பெற்றனர்.

அப்போதும் ஒரு குறை இருந்தது. தாயாரின் பெயருக்கு முன் அவருடைய தந்தையின் முதலெழுத்து இருந்தது. அலுவலகத்தில் உள்ள குடும்ப விவரத்திலோ கணவரின் முதலெழுத்து பதிவாகியிருந்தது. தமிழ்நாட்டில் இவ்வேறுபாட்டை எவரும் பொருட்படுத்தமாட்டார். முதலெழுத்து வழக்கம் அறியாத அலுவலகத்திலோ இவை இருவரின் பெயர்களாகத் தோன்றக்கூடும். நோயாளி ஊழியரின் தாயார்தான் என்பதற்கு அலுவலகம் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆவணம் அந்தக் குடும்ப விவரமே. எனவே அன்றே பெயர் திருத்தப்பட்டது.

கடிதம்

இக்கடிதம் போபாலில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்டு, விடுப்பு விண்ணப்பப் படிவத்துடன் அளிக்கப்படும். அதன் தமிழ் வடிவம் வருமாறு:

அனுப்புநர்
அ அ அ,
எழுத்தர், கணக்குப் பிரிவு,
போபால்.

பெறுநர்
கணக்கு அலுவலர் அவர்கள்,
கணக்குப் பிரிவு,
போபால்.

ஐயா,

பொருள்: ஈட்டிய விடுப்பு – 03.02.2025 முதல் 14.02.2025 முடிய 12 நாள் – வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: மதுரை மருத்துவமனை மருத்துவரின் கடிதம், நாள் 31.01.2025.

வணக்கம். என் தாயார் இடுப்பெலும்பு முறிவு காரணமாக 30.01.2025 அன்று மதுரையில் உள்ள மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டுள்ளார். அவருக்கு 03.02.2025 அன்று அறுவை சிகிச்சை நடைபெறும் என்றும், ஏறத்தாழ 13.02.2025 வரை அவர் மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்றும், உடனிருந்து கவனிக்க ஒருவர் தேவை என்றும் பார்வையில் காணும் கடிதத்தில் மருத்துவர் தெரிவித்துள்ளார்.

எனவே எனக்கு மேற்கண்ட 12 நாள் ஈட்டிய விடுப்பு வழங்குமாறும், பிப்ரவரி 1, 2, 15, 16 ஆகிய விடுமுறை நாள்களை முன்னும் பின்னும் சேர்த்துக்கொள்ளவும், 31.01.2025 அலுவலக நேரம் முடிந்தபின் போபாலை விட்டு வெளியூர் செல்லவும் அனுமதி அளிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். இக்காலத்தில் என் பணியை இப்பிரிவின் மற்றோர் எழுத்தர் கவனிக்க இசைந்துள்ளார். என் விடுப்புக்கால முகவரியும் தொலைபேசி எண்ணும் படிவத்தில் உள்ளன.

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: போபால்
நாள்: 31.01.2025

இணைப்பு: மருத்துவரின் கடித நகல் – 1 தாள்.

பார்வையும் இணைப்பும்

‘பார்வை’ என்பது இக்கடிதம் எந்தத் தாளை ஆதாரமாகக் கொள்கிறது என்று கூறுவது. ‘இணைப்பு’ என்பது எந்தத் தாள் உடன் வைக்கப்பட்டுள்ளது என்று கூறுவது. இங்கு இரண்டும் ஒரே தாளைக் குறிக்கின்றன. எனினும் ஒன்று இருப்பதால் மற்றொன்றை விடலாகாது. பார்வை இல்லையெனில் இணைப்பு எதற்கு என்று விளங்காது. இணைப்பின் தாள் எண்ணிக்கை இல்லையெனில், தாள் தவறினாலும் எவருக்கும் தெரியாது.

நோயைப் பற்றிப் பேசுவது மருத்துவரின் கடிதம். நாள், பணி, பயணம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவது ஊழியரின் கடிதம். ஆதலால் ஊழியர் நோயை ஒரு தொடரில் முடித்துவிட்டார்; ஊடுகதிர்ப் படங்களையும் ஆய்வக அறிக்கைகளையும் இணைக்கவில்லை. ஆனால் நாள்கள் இரு கடிதங்களிலும் ஒத்திருக்க வேண்டும். மருத்துவர் 13 வரை என்று எழுத, ஊழியர் 14 வரை கேட்டிருப்பது தாயாரை வீட்டில் சேர்த்துவிட்டுத் திரும்புவதற்காக. ஒரு நாள் வேறுபாட்டுக்கு இக்காரணம் பொருந்தும். 20 வரை கேட்டிருந்தால், மருத்துவரின் கடிதமே அதற்கு எதிரான சான்றாகிவிடும்.

விடுப்பை உரிமையாகக் கோர இயலாது என்பது விதி. ஆகவேதான் கடிதம் ‘விடுப்பில் செல்கிறேன்’ என்று அறிவிக்காமல், ‘வழங்குமாறு வேண்டுகிறேன்’ என்று முடிகிறது. தாயார் வீடு திரும்பத் தாமதமானால், 14ஆம் நாளுக்கு முன்பே மருத்துவரிடம் புதிய கடிதம் பெற்று நீட்டிப்பு வேண்ட வேண்டும். பழைய கடிதம் 13ஆம் நாளுக்கு மேல் எதையும் கூறவில்லை.

அன்று பிற்பகலில் விடுப்பு வழங்கப்பட்டது. மாலை இரயிலில் அவர் புறப்பட்டார்.

பயிற்சி

1. சேர்க்கைச் சீட்டு மட்டும் இணைக்கப்பட்டிருந்தால் அலுவலர் எவ்வினாக்களை எழுப்பியிருப்பார்?
2. தாயார் 18.02.2025 வரை மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்று 12.02.2025 அன்று மருத்துவர் புதிய கடிதம் தருகிறார். நீட்டிப்பு வேண்டும் கடிதத்தின் பொருள், பார்வை, இணைப்பு ஆகிய மூன்றையும் எழுதுக.
3. உம் வீட்டுப் பெரியவர் ஒருவரின் பெயர் இரு ஆவணங்களில் முதலெழுத்து ஒத்துள்ளதா எனக் கண்டு எழுதுக.