அறுபதா, நாற்பத்தைந்தா?

விருத்தாசலத்தில் 60 பீங்கான் பட்டறைகளிடம் ‘சூளையில் பொம்மை விரிசல் விடுகிறதா?’ என்று கேட்டு, பதில்களை எக்செல்லில் ஏற்றியதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கோப்பைக் கொடுத்தால், சாட்பாட் ‘60% ஆம்’ என்கிறது. நம்பலாமா?

கையால் எண்ணினால் ‘ஆம்’ 27, ‘இல்லை’ 18, வெற்றுக்கட்டம் 15. 27ஐ 45ஆல் வகுத்தால் 60%. 60ஆல் வகுத்தால் 45%. வகுத்தல் சரிதான், ஆனால் சாட்பாட் பதில் சொல்லாதவர்களைச் சத்தமில்லாமல் கழித்துவிட்டது. நிரல் எழுதி எண்ணும்போது வெற்றுக்கட்டத்தை விட்டுவிடுவது பல மென்பொருள்களின் இயல்பு. நிரலே எழுதாமல் வாசித்துச் சொன்னால் இன்னும் மோசம்: அது எண்ணுவதில்லை, பொருத்தமாகத் தோன்றும் எண்ணை ஊகிக்கிறது.

சரிபார்க்க:

```
=COUNTIF(C2:C61,"ஆம்")
=COUNTIF(C2:C61,"இல்லை")
=COUNTBLANK(C2:C61)
```

மூன்றும் கூடி 60 வரவேண்டும். குறைந்தால், ‘ஆமா’, ‘ஆமாங்க’ என்று தட்டிய கட்டங்களைத் தேடுங்கள்.