காற்றுக்கு ஒரு வழி, மைக்கு ஒரு வழி

ஸ்ட்ராவைத் தண்ணீரில் விட்டு, மேல்வாயை விரலால் அடைத்துத் தூக்கினால் தண்ணீர் கீழே விழாது. விரலை எடுத்ததும் மொத்தமும் கொட்டிவிடும். பேனாவுக்குள் மையை நிரப்பி எழுத முயன்றவர்கள் 19ஆம் நூற்றாண்டில் மல்லுக்கட்டியது இதோடுதான். வெளியேறும் மையின் இடத்துக்குக் காற்று வராவிட்டால் பேனா நின்றுவிடும். காற்று கட்டுப்பாடின்றி நுழைந்தால் தாளில் மை குளம் கட்டும்.

இதற்கு நன்றாக வேலை செய்யும் வழியை 1884இல் காப்புரிமையாகப் பதிவு செய்தவர் அமெரிக்கரான லூயிஸ் வாட்டர்மேன். நிப்புக்கு அடியில் ஒட்டியிருக்கும் நாக்கட்டையில் அவர் ஒரு பள்ளம் வெட்டினார். அதன் அடித்தளத்தில் மயிரிழை போன்ற கீறல்களைப் போட்டார். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, நுண்ணிய கீறலுக்குள் மை தானாகவே ஈர்க்கப்பட்டு நிப்பின் பிளவுவரை வந்து நிற்கும். தாளின் இழைகள் அங்கிருந்து அதை உறிஞ்சிக்கொள்ளும். மை குறையக் குறைய உள்ளே காற்றழுத்தம் சற்றே தாழும். உடனே சின்னக் காற்றுக்குமிழி ஒன்று பள்ளத்தின் வழியாக மேலேறி அந்த இடத்தை நிரப்பும். எழுதுவதை நிறுத்தினால் குமிழி ஏறுவதும் நிற்கும், மையும் நிற்கும்.

ஆனால் உள்ளே போன காற்று சும்மா இருப்பதில்லை. சூடுபட்டால் விரிகிறது. பாதி தீர்ந்த பேனாவில் 1 மில்லி லிட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 டிகிரி செல்சியஸில் இருந்த அது கையின் சூட்டில் 37 டிகிரியை எட்டினால் சுமார் 0.02 மி.லி. கூடும். கிட்டத்தட்ட அரைச் சொட்டு மை வெளியே தள்ளப்படும். அதைத் தாங்கிக்கொள்ளத்தான் நாக்கட்டையில் சீப்புப் பற்கள்போல் அடுக்கடுக்காக இடுக்குகள் வெட்டப்பட்டிருக்கின்றன. மிகுந்த மை அங்கே ஒதுங்கும். எழுதும்போது மறுபடியும் நிப்புக்கு வரும்.

விமானத்தில் இந்த ஏற்பாடு போதாது. உயரே பறக்கையில் பயணிகள் அறையின் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்காகக் குறையலாம். அப்போது அந்த 1 மி.லி. காற்று சுமார் 1.3 மி.லி. ஆக விரியப் பார்க்கும். ஐந்தாறு சொட்டுகளைச் சீப்புப் பற்களால் பிடித்துவைக்க முடியாது, பேனா கக்கிவிடும். பேனாவை முழுக்க நிரப்பி, நிப்பு மேல்நோக்கி இருக்கும்படி வைத்தால் விரிவதற்கு உள்ளே காற்றே அதிகம் இருக்காது. இருப்பதும் மையைத் தள்ளாமல் நிப்பு வழியே வெளியேறிவிடும்.

ஹங்கேரியப் பத்திரிகையாளர் லாஸ்லோ பீரோ வேறு திசையில் யோசித்தார். செய்தித்தாளில் அச்சாகும் மை சீக்கிரம் காய்வதைப் பார்த்து, அத்தகைய மையைப் பேனாவில் பயன்படுத்த விரும்பினார். அந்தக் கெட்டி மை நிப்பின் பிளவில் இறங்கவில்லை. வேதியியல் தெரிந்த சகோதரர் ஜார்ஜின் உதவியோடு, மையின் பதத்தையும் முனையில் உருளும் குண்டையும் சேர்த்தே அவர் உருவாக்கினார். 1938இல் பிரிட்டனில் காப்புரிமை கோரினார். பின்னர் அர்ஜென்டினாவில் குடியேறி 1943இல் அங்கும் பதிவு செய்தார்.

குண்டுமுனை அவருக்கு முன்பே இருந்தது. 1888இல் ஜான் லவுட் என்ற அமெரிக்கர் தோல்போன்ற சொரசொரப்பான பரப்பில் குறியிட அப்படியொரு பேனாவைப் பதிவு செய்திருந்தார். அது தாளில் எழுத உதவவில்லை. குண்டைச் சுற்றிய இடைவெளி சற்று அதிகமானாலும் மை கசியும், குறைந்தால் குண்டு சிக்கும். தேன்போல் கெட்டியான மை இருந்தால்தான் அந்த மெல்லிய இடைவெளியில் அது தானாக ஒழுகாமல் நிற்கும். குண்டு உருளும்போது மட்டும் அதன் மேல் படலமாக ஒட்டி வெளியே வரும். குண்டே மையைக் கொண்டுவருகிறது. உருளாதபோது அதுவே மூடியாகவும் இருக்கிறது.

இந்தப் பொருத்தம் தவறினால் என்ன ஆகும் என்பது சீக்கிரமே தெரிந்தது. 1945 அக்டோபரில் மில்டன் ரெனால்ட்ஸின் பால்பாயிண்ட் பேனா நியூயார்க்கின் கிம்பல்ஸ் கடையில் 12.50 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. மக்கள் முண்டியடித்து வாங்கினார்கள். கசிகிறது, விட்டுவிட்டு எழுதுகிறது என்று பலர் திருப்பியும் கொடுத்தார்கள். 1950இல் பிரான்சில் மார்செல் பீக் கொண்டுவந்த பிக் கிறிஸ்டல்தான் நுட்பமான குண்டையும் சரியான பதத்தில் மையையும் மலிவு விலையில் சேர்த்தது.

கெட்டி மைக்கும் காற்று வேண்டும். ரீஃபிலின் பின்முனை திறந்திருப்பது அதற்காகத்தான். மை குறையும்போது பின்னாலிருந்து காற்று அதைத் தொடர்ந்து வரும். பால்பாயிண்டைச் சுவரில் ஒட்டிய காலண்டரில், முனை மேல்நோக்கி இருக்க எழுதினால் சில வரிகளில் எழுத்து மங்கும். மை எடையால் பின்வாங்க, குண்டின் ஓரமாகக் காற்று நுழைந்துவிடுவதுதான் காரணம். பிக் கிறிஸ்டலின் பக்கவாட்டில், நடுப்பகுதியில், ஊசிமுனை அளவில் ஒரு துளை இருக்கும். உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தத்தைச் சமமாக வைப்பது அதன் வேலை. வாட்டர்மேன் நாக்கட்டையில் வெட்டிய பள்ளத்துக்கும் காற்றை உள்ளே விடுவதுதான் வேலை.